காம்போசிஷன் கடையில் ‘இன்புட்’ என்று ஒரு பேரேடு எதற்கு?

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் ஏப்ரல் மாதம் ஹார்டுவேர் கடை திறந்தோம். ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கும்போதே காம்போசிஷனில் சேர்ந்துவிட்டோம். முதல் மூன்று மாத விற்பனை 11,00,000 ரூபாய். அதில் மண்வெட்டி, அரிவாள் போன்ற தோட்டக் கருவிகள் மட்டும் 60,000. மொத்தத்துக்கும் 1% போட்டு 11,000 வரி கட்டினேன். சேலத்திலும் கோயம்புத்தூரிலும் வாங்கிய பெயின்ட், பைப், பூட்டு வகையறாவுக்கு 8,00,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 1,44,000. தோட்டக் கருவிகளுக்கு 50,000. கணக்கு எழுதும் தம்பி 1,44,000-ஐயும் நான் கட்டிய 11,000-ஐயும் ‘ஜி.எஸ்.டி. இன்புட்’ என்ற பேரேட்டில் வைத்திருக்கிறார். லாபம் 3,30,000 என்று வருகிறது, ஆனால் கையில் அவ்வளவு பணம் இல்லை. ஜூன் கடைசியில் பெயின்ட் வகையறாவில் பத்தில் ஒரு பங்கு சரக்கு மீதம் இருந்தது. தோட்டக் கருவிகள் எல்லாம் விற்றுவிட்டன. எங்கே தவறு? அந்த 1%-ஐ பில்லில் தனியாகப் போட்டு வாங்கலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: உங்கள் சந்தேகம் சரியானது. அந்த 3,30,000-இல் 1,40,000 உங்களிடம் இல்லாத பணம். உங்கள் கணக்கர் வேறு கடைகளுக்கும் எழுதுபவராக இருப்பார். ரெகுலர் கடைகளுக்குச் செய்து பழகிய பதிவையே உங்களுக்கும் போட்டிருக்கிறார். சேர்த்துக் கழித்ததில் பிழை இல்லை, பணத்தை வைத்த இடம்தான் தவறு.

ரெகுலர் வியாபாரி வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொள்கிறார். கழிக்கும் வரை அது அரசிடமிருந்து அவருக்கு வரவேண்டிய பாக்கி போல. அதனால் ‘இன்புட்’ என்ற பெயரில் சொத்துப் பக்கத்தில் நிற்கிறது. விற்பனையின் மேல் சிறு விகித வரி மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவருக்கு அந்தக் கழிவை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 10-ஆம் பிரிவே மறுத்துவிடுகிறது. சேலத்துக் கடைக்காரர் பில்லில் போட்ட 18% உங்களைப் பொறுத்தவரை வரி இல்லை, சரக்கின் விலையில் ஒரு பகுதி. 1,000 ரூபாய் பெயின்ட் டப்பாவை நீங்கள் வாங்கியது 1,180 ரூபாய்க்கு. அப்படியேதான் எழுத வேண்டும். சரக்குக் கையிருப்பு பற்றிய கணக்கியல் தரநிலை 2-உம் இதையே சொல்கிறது: திரும்பக் கிடைக்காத வரி எதுவாயினும் அது கொள்முதல் செலவில் சேரும்.

ஆகவே கொள்முதல் 8,00,000 இல்லை, 9,44,000. தோட்டக் கருவி 50,000-ஐயும் சேர்த்தால் 9,94,000. கடையின் ஏடுகளில் இன்புட் சி.ஜி.எஸ்.டி., இன்புட் எஸ்.ஜி.எஸ்.டி. என்ற பேரேடுகளே இருக்கக் கூடாது. பெங்களூரிலிருந்து சரக்கு எடுத்தாலும் இதே விதிதான். அந்த பில்லில் உள்ள ஐ.ஜி.எஸ்.டி.யும் விலையோடு சேரும். கடைக்கு ரேக், கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால் அவற்றின் ஜி.எஸ்.டி.யையும் அந்தந்தச் சொத்தின் விலையோடு கூட்டிவிடுங்கள், தேய்மானம் மொத்தத் தொகையின் மேல் வரும்.

கொள்முதலைத் திருத்திவிட்டு மீதச் சரக்கைத் திருத்த மறப்பவர்கள்தான் அதிகம். மீதமுள்ள பத்தில் ஒரு பங்கை ஜி.எஸ்.டி. நீக்கி 80,000 என்று மதிப்பிட்டிருப்பீர்கள். அதுவும் 94,400 ஆக வேண்டும். வாங்கியதை 1,180 என்று எழுதிவிட்டு விற்காமல் அலமாரியில் இருக்கும் அதே டப்பாவை 1,000 என்று மதிப்பிட்டால், இன்னும் விற்காத சரக்கின் வரி 14,400 இந்தக் காலாண்டின் செலவாகப் போய்விடும். லாபம் அந்த அளவுக்குக் குறைந்து தெரியும்.

இப்போது உங்கள் காலாண்டைப் புதிதாகப் போடுவோம். விற்பனை 11,00,000. கொள்முதல் 9,94,000-இல் மீதச் சரக்கு 94,400 போனால், விற்ற சரக்கின் அடக்கம் 8,99,600. வித்தியாசம் 2,00,400. இதிலிருந்து காம்போசிஷன் வரி 10,400-ஐக் கழித்தால் 1,90,000. வாடகை, கூலி, மின்கட்டணம் எல்லாம் இதற்குக் கீழேதான். தம்பி போட்ட 3,30,000-க்கும் இதற்கும் உள்ள 1,40,000 எப்படி வந்தது என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். கொள்முதல் வரி 1,44,000 கூடுதல் செலவு, மீதச் சரக்கில் 14,400 கூடுதல் மதிப்பு, விற்பனை வரி 10,400 கூடுதல் செலவு.

நீங்கள் 11,000 கட்டியிருக்கும்போது 10,400 எங்கிருந்து வந்தது? காம்போசிஷனில் உற்பத்தியாளருக்கு மொத்த விற்றுமுதலின் மேல் 1%. உங்களைப் போல வாங்கி விற்பவருக்கு வரிக்கு உட்பட்ட விற்பனையின் மேல் மட்டும்தான் 1%, அதாவது அரை சதவீதம் மத்திய வரி, அரை சதவீதம் மாநில வரி. 2018 ஜனவரியிலிருந்து இப்படித்தான். மண்வெட்டி, அரிவாள், கோடரி, கவாத்துக் கத்தரி போன்ற கையால் இயக்கும் விவசாயக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆகையால் 11,00,000-இல் 60,000 போக 10,40,000-க்கு மட்டுமே வரி: மத்திய வரி 5,200, மாநில வரி 5,200. காலாண்டு வரி கட்டும் `CMP-08` படிவத்தின் முதல் வரிசை வரிவிலக்குப் பெற்ற விற்பனையையும் சேர்த்து மதிப்பு கேட்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் மொத்தத்துக்கும் 1% போட்டுவிடுகிறார்கள். மதிப்புக் கட்டத்தில் 11,00,000 வரலாம், வரிக் கட்டங்களில் 5,200, 5,200 வந்தால் போதும்.

கூடுதலாகப் போன 600 வீணாகிவிடாது. ஒருமுறை தாக்கல் செய்த `CMP-08`-ஐத் திருத்த வழியில்லை, ஆனால் அடுத்த காலாண்டின் வரியில் அந்தத் திருத்தத்தைக் காட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதுவரை அந்த 600 மட்டும் ‘வரி முன்பணம்’ என்று சொத்துப் பக்கத்தில் நிற்கட்டும். தோட்டக் கருவி விற்பனையைத் தனி விற்பனைப் பேரேட்டில் வைத்தால் இந்தக் குழப்பம் மறுபடி வராது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். காம்போசிஷனில் நீடிக்க ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பைப் பார்க்கும்போது இந்த விலக்கு விற்பனையும் கூட்டில் சேரும்.

அந்த 10,400 நீங்கள் உங்கள் கையிலிருந்து கட்டுவது. வாங்குபவரிடம் வசூலித்து அரசிடம் சேர்ப்பது இல்லை. எனவே விற்பனையிலிருந்து அதைப் பிரிக்காமல், 11,00,000-ஐ முழுதாக விற்பனையில் எழுதுங்கள். ‘காம்போசிஷன் வரி’ என்று ஒரு செலவுப் பேரேடு திறந்து, காலாண்டு முடியும் நாளில், அதாவது ஜூன் 30 தேதியிட்டு, அதைப் பற்று வைத்து ‘காம்போசிஷன் வரி கொடுபட வேண்டியது’ என்ற பேரேட்டை வரவு வையுங்கள். ஜூலை 18-க்குள் வங்கியிலிருந்து கட்டும்போது அந்தப் பாக்கியைப் பற்று வைத்து வங்கியை வரவு வைத்தால் பாக்கி தீர்ந்துவிடும். ஜூலையில் கட்டியதால் ஜூலைச் செலவு என்று எழுதுபவர்கள் உண்டு. ஆண்டின் நடுவில் அதனால் பெரிய சேதமில்லை. ஜனவரி–மார்ச் காலாண்டில்தான் சிக்கல். அந்த வரியை ஏப்ரல் 18-க்குள் கட்டுவீர்கள், ஆனால் அது மார்ச்சோடு முடிந்த ஆண்டின் செலவு. மார்ச் 31 அன்று பாக்கியாக எழுதி, வருமான வரி அறிக்கைக்கான கெடு நாளுக்குள் கட்டிவிட்டால் அந்த ஆண்டிலேயே கழிவு கிடைக்கும். கட்டாமல் விட்டால் கட்டிய ஆண்டில்தான் கிடைக்கும்.

பில்லில் 1% தனியாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. காம்போசிஷன் வியாபாரி வாங்குபவரிடம் வரி வசூலிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. நீங்கள் கொடுப்பது டாக்ஸ் இன்வாய்ஸ் இல்லை, பில் ஆஃப் சப்ளை. அதன் மேற்பகுதியில், நீங்கள் காம்போசிஷனில் உள்ளவர், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற சட்ட வாசகம் இருக்க வேண்டும். கடையின் பெயர்ப் பலகையிலும் காம்போசிஷன் வரியாளர் என்று எழுத வேண்டும். ‘ஜி.எஸ்.டி. 1%’ என்று பில்லில் ஒரு வரி வந்துவிட்டால், அந்தப் பெயரில் வாங்கிய தொகையை அப்படியே அரசுக்குக் கட்டச் சொல்வார்கள், அபராதமும் வரலாம். அந்த ஒரு சதவீதத்தை விலைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வைத்திருக்கும் பில்லிங் மென்பொருளில் பதிவு வகை ரெகுலர் என்று இருந்தால் அது தானாகவே வரியைப் பிரித்து அச்சிடும். தம்பிக்கு இன்புட் பேரேடுகள் வந்ததும் அந்த அமைப்பால்தான் இருக்க வேண்டும். முதலில் அதை ஏப்ரல் முதல் தேதியிலிருந்து காம்போசிஷன் என்று மாற்றச் சொல்லுங்கள், பிறகு பதிவுகளைத் திருத்தலாம்.

இன்புட் பேரேடுகளைக் காலி செய்யும் பதிவுகள் இரண்டே. ஜூன் 30 தேதியில் கொள்முதலை 1,44,000-க்குப் பற்று வைத்து இன்புட் பேரேடுகளை வரவு வைக்க வேண்டும். ஜூலையில் கட்டிய நாளின் தேதியில், இன்புட்டில் விழுந்த 11,000-ஐ எடுத்து, 10,400-ஐக் கொடுபட வேண்டிய வரிக்கும் 600-ஐ முன்பணத்துக்கும் மாற்ற வேண்டும். இவை முடிந்ததும் இன்புட் பேரேடுகளின் இருப்பு சுழியமாக நிற்கும். நிற்காவிட்டால் எங்கோ ஒரு கொள்முதல் பில்லில் வரி தனியாகப் பிரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். தேடிப் பிடித்த பிறகு அந்தப் பேரேடுகளை நீக்கிவிடுங்கள். இருந்தால் யாராவது மறுபடி அதில் எழுதுவார்கள்.

1,44,000 செலவாகிவிட்டது என்றதும் காம்போசிஷனில் சேர்ந்தது நஷ்டமோ என்று தோன்றும். உங்கள் கடையின் கணக்கிலேயே பார்க்கலாம். நீங்கள் ரெகுலராக இருந்து, ஏற்காட்டுக் கடைவீதியில் இதே விலைக்கு விற்றிருந்தால், 10,40,000-க்குள்ளேயே 18% வரி அடங்கியிருக்கும். அதைப் பிரித்தால் 1,58,644. விற்ற சரக்குக்கு ஏற்கெனவே கட்டிய வரி 1,29,600-ஐக் கழித்தால், சுமை 29,044. இப்போதைய 10,400-ஐ விட 18,644 அதிகம். கழிவே இல்லாவிட்டாலும் காம்போசிஷனில் உங்களுக்கு 1,90,000 நிற்கிறது, ரெகுலரில் 1,71,356 தான் நின்றிருக்கும்.

இதற்குக் காரணம் உங்கள் லாப விகிதம். ரெகுலரில் உங்கள் லாபத்தின் மேல்தான் வரி விழுகிறது, காம்போசிஷனில் விற்பனை முழுவதன் மேலும் 1% விழுகிறது. 18% வரியுள்ள சரக்கில், வரியோடு சேர்ந்த அடக்க விலைக்கு மேல் கிடைக்கும் லாபம் விற்பனை விலையில் சுமார் 6.5% இருந்தால் இரண்டு வழியும் சமம். உங்களுக்கு அது 18%-க்கும் மேல், கவலையில்லை. ஆனால் நாளை கம்பி, சிமென்ட் என்று குறைந்த லாபச் சரக்கில் இறங்கினால் நிலைமை தலைகீழாகும். 96,000-க்கு வாங்கிய கம்பியை 1,00,000-க்கு விற்றால் ரெகுலரில் சுமை ஏறத்தாழ 610, காம்போசிஷனில் 1,000. அப்படிப்பட்ட சரக்கு கடையில் பாதிக்கு மேல் வந்தால் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

வாங்குபவர் யார் என்பதும் முக்கியம். உங்கள் பில்லை வைத்து யாரும் வரிக் கழிவு எடுக்க முடியாது. வீடு கட்டுபவருக்கும் காபித் தோட்டக்காரருக்கும் அது பொருட்டில்லை. பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் வந்தால் சேலத்து விலையோடு ஒப்பிட்டுக் கழிவைக் கணக்கிடுவார். லாட்ஜ்காரர்கள் முன்பு இதைக் கேட்டார்கள். 2025 செப்டம்பர் 22-இலிருந்து நாள் வாடகை 7,500 வரையுள்ள அறைகளுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு இல்லாமல் 5% என்று ஆகிவிட்டதால், அந்த வகை லாட்ஜ்காரருக்கும் இப்போது உங்கள் பில் ஒன்றுதான், ரெகுலர் கடை பில்லும் ஒன்றுதான்.

மலைக்குச் சரக்கு ஏற்றும் வாடகையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கண்டிப்பாக இருக்கும். எல்.ஆர். ரசீது போடும் லாரி நிறுவனம் தானே ஜி.எஸ்.டி. கட்டாமல் விட்டால், வாடகையின் மேல் 5% வரியை, வாங்குபவரே கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்கள் கட்ட வேண்டும். இது அந்த 1%-இல் அடங்காது. காலாண்டு லாரி வாடகை 20,000 என்றால் வரி 1,000. `CMP-08`-இன் இரண்டாவது வரிசையில் காட்டி ரொக்கமாகக் கட்டுங்கள். இதற்கும் கழிவு கிடையாது, எனவே லாரி வாடகைப் பேரேட்டில் 21,000 என்றே எழுதுங்கள். எல்.ஆர். இல்லாமல் வரும் சொந்த வண்டிக்காரரின் சிறு வேனுக்கு இது பொருந்தாது. கடை வாடகைக்கு இந்தத் தொல்லை இல்லை. பதிவு பெறாத கட்டிட உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகையின் ரிவர்ஸ் சார்ஜிலிருந்து காம்போசிஷன்காரர்களை 2025 ஜனவரி 16-இலிருந்து விலக்கிவிட்டார்கள்.

ஆண்டு முடிந்து ஜூன் 30-க்குள் `GSTR-4` என்ற ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்யும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் நான்கு காலாண்டிலும் கட்டிய வரி அதில் தானாகவே வந்து நிற்கும். ஆனால் விற்பனையையும் அதற்கான வரியையும் ஆறாவது அட்டவணையில் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். கட்டியது வந்துவிட்டதே என்று அந்த அட்டவணையைக் காலியாக விட்டால், உங்களுக்கு வரிப் பொறுப்பே இல்லை, கட்டியதெல்லாம் மிகை என்று இணையதளம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தொகை எதிர்மறைப் பொறுப்பாக நின்று அடுத்த ஆண்டு `CMP-08`-களில் தானாகவே கழியும். கட்ட வேண்டியது குறைந்துவிட்டதே என்று மகிழ்ந்தால், பின்னாளில் 18% வட்டியோடு கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். உங்கள் ‘கொடுபட வேண்டியது’ பேரேட்டில் பாக்கி நிற்கும்போது இணையதளம் சுழியம் காட்டினால், இதுதான் நடந்திருக்கிறது. `CMP-08` தாமதத்துக்குத் தாமதக் கட்டணம் இல்லை, வட்டி மட்டும் உண்டு. `GSTR-4` தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய், உச்சம் 2,000.

வருமான வரியில் உத்தேச லாப முறையைத் தேர்ந்தெடுத்து, விற்பனையில் 8% அல்லது வங்கி வழி வந்த பகுதிக்கு 6% என்று காட்டுவதாக இருந்தால், காம்போசிஷன் வரியைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அந்த விகிதத்துக்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும். கழிவு கேட்க வேண்டுமானால் முழுக் கணக்கு எழுதிக் காட்ட வேண்டும்.

கடைசியாக, விலையோடு சேர்ந்துவிட்ட ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் காம்போசிஷனை விட்டு ரெகுலருக்கு மாறுவது. விரும்பி மாறினாலும், 1.5 கோடியைத் தாண்டி மாற நேர்ந்தாலும், மாறும் நாளுக்கு முந்தைய நாள் கையிலிருந்த சரக்கின் வரியை `ITC-01` படிவத்தில் 30 நாளுக்குள் கோரலாம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட பில்லுக்குக் கிடைக்காது. ஜூன் 30 நிலவரத்தில் அப்படி மாறியிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது மீதச் சரக்கிலுள்ள 14,400 மட்டுமே, விற்றுப்போன சரக்கின் 1,29,600 இல்லை. அந்த நாளில்தான் ‘இன்புட்’ பேரேட்டைத் திறந்து, சரக்கு மதிப்பை 94,400-இலிருந்து 80,000-க்கு இறக்க வேண்டும். எந்த பில்லின் சரக்கு மீதம் இருக்கிறது என்று காட்ட முடிந்தால்தான் இது கைகூடும். ஆகவே கோயம்புத்தூர், சேலம் பில்களைத் தேதி வரிசையில் கோத்து வையுங்கள், பெயின்ட் டப்பாக்களை இருப்பெடுக்கும்போது பில் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.